வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட்டில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் மதுரை திருநகரில் வசிக்கிறேன். தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் தங்கள் வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துவந்து ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைக் கேட்பதால், அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்: கூடல் நகரில் வீடு வாங்கிய ஒரு குடும்பத்தின் கடன், பாக்கி 20,00,000 ரூபாய், ஆண்டு வட்டி 9 சதவீதம், 240 மாதங்கள், மாதத் தவணை 17,995 ரூபாய்.

மாசாமாசம் 17,995 கட்டுறேன். இதுல வட்டிக்கு இவ்வளவு, அசலுக்கு இவ்வளவுன்னு யார் சார் முடிவு பண்றாங்க?

அதை யாரும் தனியாக முடிவு செய்வதில்லை. அந்த மாதத்தில் நிற்கும் பாக்கியே முடிவு செய்கிறது. முதலில் பாக்கிக்கு ஒரு மாத வட்டி கணக்கிடப்படுகிறது, தவணையிலிருந்து அது கழிந்தபின் மிஞ்சுவதுதான் அசலில் குறைகிறது. 20,00,000 ரூபாய்க்கு 9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1,80,000, மாதத்துக்கு 15,000. தவணை 17,995 என்பதால் அசலுக்குப் போவது 2,995.

அடுத்த மாதம் பாக்கி 19,97,005 ஆகிவிடுவதால் அதற்கான வட்டி 14,978 ரூபாயாகக் குறைந்து, அசலுக்கு 3,017 ரூபாய் கிடைக்கிறது. தவணைத் தொகை மாறாமல் இருக்க, வட்டியின் பங்கு தேய்ந்துகொண்டும் அசலின் பங்கு வளர்ந்துகொண்டும் போவது இப்படித்தான். இந்த ஒரு கழித்தல் கணக்கு மனதில் நின்றுவிட்டால், பின்னால் வரும் பதில்கள் எல்லாம் எளிதாகப் புரியும்.

என் ஸ்டேட்மென்ட்ல அசல்னு ஒரு கட்டமே இல்லையே, எங்கதான் பார்க்கிறது?

ஸ்டேட்மென்ட்டுகள் இரண்டு வகையாக வருகின்றன. வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் பலவும் ஒவ்வொரு தவணைக்கும் எதிரே வட்டியையும் அசலையும் தனித்தனிக் கட்டங்களில் அச்சிட்டுத் தருகின்றன. அதில் தேட வேண்டியது எதுவும் இல்லை. பல வங்கிகள் தருவதோ சேமிப்புக் கணக்கின் பாஸ்புத்தகம் போன்ற தாள். அதில் Debit, Credit, Balance, அதாவது பற்று, வரவு, பாக்கி என்ற மூன்று கட்டங்கள்தான் இருக்கும். நம் கணக்கை அந்த வடிவில் எழுதினால் இரண்டு மாதங்கள் இப்படி இருக்கும்:

```
தேதி     விவரம்    பற்று     வரவு      பாக்கி
30-04                                 20,00,000
05-05    தவணை               17,995    19,82,005
31-05    வட்டி     15,168              19,97,173
05-06    தவணை               17,995    19,79,178
30-06    வட்டி     14,658              19,93,836
```

இங்கே ஒரு மாதத்துக்கு இரண்டு வரிகள் இருப்பதைக் கவனியுங்கள். மே மாதத்தில் வரவு 17,995, வட்டிப் பற்று 15,168. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 2,827 ரூபாய்தான் அந்த மாதம் குறைந்த அசல். சரிபார்க்கவும் வழி இருக்கிறது: ஏப்ரல் 30 பாக்கியிலிருந்து மே 31 பாக்கியைக் கழித்தாலும் அதே 2,827 வர வேண்டும். அதாவது மாதக் கடைசிப் பாக்கியை மாதக் கடைசிப் பாக்கியோடுதான் ஒப்பிட வேண்டும்; தவணை கட்டிய நாளின் பாக்கியை அல்ல.

தவணையும் பிடிச்சுட்டு, மாசக் கடைசியில பற்றுன்னு தனியா 15,168 எடுக்கிறாங்களே. ரெண்டு தடவை வாங்குறாங்களா?

இல்லை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பதறுவது இந்த இடத்தில்தான். அந்தப் பதற்றம் நியாயமானதுதான். சேமிப்புக் கணக்கில் பற்று என்றால் நம் பணம் வெளியே போகிறது என்று பல ஆண்டுகளாகப் பழகியிருக்கிறோம். கடன் கணக்கில் பற்று என்பது நாம் தர வேண்டிய தொகை கூடுகிறது என்று எழுதிவைப்பது மட்டுமே. உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து அந்த நாளில் ஒரு ரூபாயும் போகாது. அன்றைய தேதிக்குச் சேமிப்புக் கணக்கின் பாஸ்புத்தகத்தைப் பார்த்தால் இது உறுதியாகிவிடும்.

5ஆம் தேதி 19,82,005 என்று காட்டிய பாக்கி 31ஆம் தேதி 19,97,173 ஆக ஏறுவதும் இதனால்தான். அந்த மாத வட்டி மாதக் கடைசியில் எழுதப்படும்வரை, பாக்கி உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரிகிறது. தவணை கட்டிய மறுநாள் பாக்கியைப் பார்த்து 17,995 ரூபாயும் அசலில் கழிந்துவிட்டதாக மகிழ்ந்தவர்கள் மாதக் கடைசியில் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

மே மாசம் வட்டி 15,168, ஜூன் மாசம் 14,658. ஒரே மாசத்துல 510 ரூபா எப்படிக் குறையும்?

மே மாதத்துக்கு 31 நாள், ஜூனுக்கு 30 நாள். இந்த வகைக் கணக்குகளில் வட்டி அன்றாடப் பாக்கியின் மேல் கணக்கிடப்பட்டு மாதக் கடைசியில் மொத்தமாக எழுதப்படுகிறது. சுமார் 19.8 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் ஒரு நாள் வட்டியே ஏறக்குறைய 489 ரூபாய். மிச்ச வித்தியாசம் பாக்கி குறைந்ததால் வந்தது. பிப்ரவரியில் வட்டி இன்னும் குறைவாகவும் மார்ச்சில் திடீரென்று கூடுதலாகவும் தெரிவதற்கும் இதுவே காரணம். வட்டி விகிதம் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

மே மாத வட்டியை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 1 முதல் 4ஆம் தேதி வரை 4 நாள்களுக்குப் பாக்கி 20,00,000. 5 முதல் 31 வரை 27 நாள்களுக்கு 19,82,005. ஒவ்வொரு பாக்கியையும் அதற்குரிய நாள்களால் பெருக்கிக் கூட்டி, 9ஆல் பெருக்கி, 36500ஆல் வகுத்தால் 15,168 வரும். கணினியில் எக்செல் தாள் வைத்திருப்பவர்கள் மாதத் தொடக்கப் பாக்கியை A2 கட்டத்திலும் தவணைக்குப் பின் உள்ள பாக்கியை B2 கட்டத்திலும் போட்டு இப்படி எழுதலாம்:

```
=ROUND((A2*4+B2*27)*9/36500,0)
```

சில ரூபாய் வித்தியாசம் வந்தால் அது வட்டமாக்கும் முறையாலும் தவணை வரவு வைக்கப்பட்ட நாளாலும் இருக்கலாம். நூறு இருநூறு என்று வந்தால் விகிதத்தையும் தேதியையும் மறுபடி பாருங்கள்.

கடன் வாங்கும்போது ஒரு நீளமான சார்ட் கொடுத்தாங்க. அதுக்கும் இதுக்கும் ஒரு மாசம்கூட ஒத்துப்போகலையே?

அந்த அட்டவணை எல்லா மாதங்களும் சமம் என்று வைத்து, ஆண்டு வட்டியைப் பன்னிரண்டால் வகுத்துப் போட்டது. முதல் பதிலில் உள்ள 15,000, 2,995 என்ற பிரிவு அதில் இருக்கும். ஸ்டேட்மென்ட் நடந்ததை நாள்கணக்கில் எழுதியது. மாதத்துக்கு மாதம் அவை பொருந்தாது. ஆண்டுக் கடைசிப் பாக்கியை ஒப்பிடுங்கள், நெருக்கமாக இருக்க வேண்டும். விகிதம் ஒருமுறை மாறிவிட்டால் பழைய அட்டவணை பயன்படாது, புதியது கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல கட்டியிருக்கோம், கடன் 37,000தான் குறைஞ்சிருக்கு. ஏமாத்துறாங்களோன்னு வீட்டுல சண்டையே வந்துருச்சு.

கணக்கு சரிதான், மனத்துக்குக் கஷ்டமானது என்பதை நானும் மறுக்கவில்லை. 12 தவணைகளில் கட்டியது 2,15,940 ரூபாய். அதில் சுமார் 1,78,480 வட்டிக்கும் 37,460 அசலுக்கும் போயிருக்கிறது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய இருபது லட்சம் உங்கள் கையில் இருந்திருக்கிறது, அதற்கு 9 சதவீதம் கொடுத்திருக்கிறீர்கள். இதில் மறைவாக எடுக்கப்பட்டது எதுவும் இல்லை. ஐந்து ஆண்டு முடிவில், விகிதம் மாறாமல் இருந்தால், 10,79,700 கட்டியிருப்பீர்கள், பாக்கி இன்னும் 17.74 லட்சம் இருக்கும்.

அசலின் பங்கு வட்டியின் பங்கைத் தாண்டுவது இந்தக் கடனில் 149ஆவது தவணையில், அதாவது பதின்மூன்றாம் ஆண்டின் நடுவில். கடன் காலம் பாதி கடந்தால் கடனும் பாதியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பாதிக் காலத்தில் பாக்கி பாதிக்கு மேலேயே இருக்கும். வீட்டை விற்கவோ கடனை வேறு வங்கிக்கு மாற்றவோ திட்டமிடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு திட்டமிட வேண்டும்.

ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டிக்கிட்டிருக்கோம். பத்து மாசமா 6,000 கட்டுறேன், பாக்கி அப்படியே 8 லட்சம் நிக்குது. ஏன்?

நீங்கள் கட்டுவது தவணை அன்று. வங்கிகள் ப்ரீ இ.எம்.ஐ. என்று சொல்லும் வெறும் வட்டி. கட்டுமானம் ஏற ஏறக் கடனைப் பகுதி பகுதியாக விடுவிக்கும்போது, விடுவித்த தொகைக்கு மட்டும் வட்டி வாங்குவார்கள். 8,00,000 ரூபாய்க்கு 9 சதவீதத்தில் மாதம் 6,000; முதல் பதிலில் சொன்ன கழித்தலில் மிச்சமே இல்லை என்பதால் அசல் அசையாது. பத்து மாதத்தில் போன 60,000 ரூபாயும் வட்டிதான். கட்டுமானம் இழுத்துக்கொண்டே போனால், முழுத் தவணையை இப்போதே தொடங்க முடியுமா என்று கேளுங்கள். அனுமதிக்கும் இடங்களில் அதுவே நல்லது.

5ஆம் தேதி கணக்குல பணம் இல்லாம, 25ஆம் தேதி கட்டினேன். வட்டி நிறைய ஏறிடுமா?

வட்டி மட்டும் என்றால் ஏறுவது குறைவு. 17,995 ரூபாய் 20 நாள் தாமதமானால் 9 சதவீதத்தில் சுமார் 89 ரூபாய். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் அத்தோடு வேறு பற்று வரிகளும் சேரும்: தவணை திரும்பியதற்கான கட்டணம், தாமத அபராதம். இவை பெரும்பாலும் 89 ரூபாயைவிடப் பல மடங்கு பெரியவை. கடன் மதிப்பெண்ணிலும் இது பதிவாகலாம்.

அபராதத்தை வட்டி விகிதத்தோடு கூட்டி வாங்கக்கூடாது, தனிக் கட்டணமாகவே வாங்க வேண்டும், அந்தக் கட்டணத்துக்கு மேல் வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லி, அது 2024இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வட்டியைக் கூட்டும்போது எல்லாப் பற்று வரிகளையும் சேர்த்துவிடாமல், விவரக் கட்டத்தில் வட்டி என்று இருப்பதை மட்டும் எடுங்கள்.

வட்டி ஏறிருச்சுன்னு மெசேஜ் வந்தது, ஆனா தவணை ஏறலை. நமக்கு நல்லதுதானே?

தவணை ஏறாவிட்டால் ஏற்றம் வேறு எங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். நம் கணக்கில் ஓராண்டு முடிந்து பாக்கி சுமார் 19,62,540 இருக்கும்போது விகிதம் 9.5 சதவீதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 14,719 ஆக இருக்க வேண்டியது 15,537 ஆகிறது. தவணை அதே 17,995 என்பதால் அசலுக்குப் போவது 3,276 ரூபாயிலிருந்து 2,458 ரூபாயாகச் சுருங்குகிறது. மீதமிருந்த 228 மாதங்கள் 253 ஆகின்றன. அரை சதவீதத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாகத் தவணை! காலத்தை நீட்டாமல் இருக்க விரும்பினால் தவணை சுமார் 18,621 ரூபாயாக, அதாவது 626 ரூபாய் கூட வேண்டும். முடிந்தவர்கள் அந்த 626 ரூபாயைக் கொடுத்துவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அண்மைக் காலமே சாட்சி. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ விகிதம் ஏறினால் மாறும் வட்டி உள்ள வீட்டுக் கடன் வட்டியும் ஏறும்; 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் அது 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமானது. 6.75 சதவீதத்தில் 20 லட்சம் வாங்கி 15,207 ரூபாய் தவணை கட்டியவருக்கு விகிதம் 9.25 ஆனபோது பாக்கி 19,60,000 இருந்தால், வட்டி மட்டுமே மாதம் 15,108. அசலுக்கு மிஞ்சுவது 99 ரூபாய். பாக்கி இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்தவர்களுக்கு வட்டியே தவணையைத் தாண்டி, கட்டக் கட்டக் கடன் ஏறும் நிலை.

இதைத் தடுக்கத்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில், விகிதம் மாற்றியமைக்கப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் சேர்ந்ததா என்று கடன் வாங்கியவரைத் தேர்ந்தெடுக்கவிட வேண்டும் என்று கட்டளையிட்டது. இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மீதமுள்ள தவணைகள், ஆண்டு வட்டி விகிதம் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்த அறிக்கையில் மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை சென்ற முறையைவிட மூன்று குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாமலோ கூடியோ இருந்தால் உங்களைக் கேட்காமல் காலம் நீண்டிருக்கிறது.

சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் கடன்ல போட்டேன். அது அசல்லதான் போச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அடுத்த வட்டி வரியைப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு 9 சதவீதத்தில் மாத வட்டி 750 ரூபாய். பணம் அசலில் கழிந்திருந்தால், அடுத்த முழு மாத வட்டி அந்த அளவுக்குக் குறைந்தே ஆக வேண்டும். மே, ஜூன் வித்தியாசத்தை மேலே சொன்னபடி நாள்கணக்கில் கழித்துவிட்டுப் பாருங்கள். வட்டி பழையபடியே இருந்தால், பணம் வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கலாம். அதனால்தான் கட்டும்போதே, இது அசலின் பகுதி முன்செலுத்தல், தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கச் சொல்கிறேன்.

காலத்தைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓராண்டு முடிவில் அந்த ஒரு லட்சத்தைப் போட்டால் 228 தவணைகள் 201 ஆகின்றன. 27 தவணைகள் மிச்சம், வட்டியில் ஏறக்குறைய 4 லட்சம். தவணையைக் குறைத்துக்கொண்டால் மாதச் செலவு இளகும், ஆனால் இந்த அளவு மிச்சம் வராது. தனிநபர் வாங்கிய, மாறும் வட்டி உள்ள வீட்டுக் கடனுக்கு முன்செலுத்தல் கட்டணம் கிடையாது; கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

வருமான வரிக்கு வாங்கின வட்டிச் சான்றிதழ்ல வேற தொகை இருக்கே?

டிசம்பர், ஜனவரியில் வாங்கியிருந்தால் அது மார்ச் வரை இப்படி இருக்கும் என்ற மதிப்பீடு. ஏப்ரலுக்குப் பின் இறுதிச் சான்றிதழ் வாங்கி, ஏப்ரல் முதல் மார்ச் வரையான வட்டிப் பற்று வரிகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்த வேண்டும். அபராதமும் கட்டணமும் அதில் சேராது.

எல்லாம் போட்டுப் பார்த்தும் பாக்கி குறைய வேண்டிய அளவு குறையலை. அடுத்து என்ன செய்றது?

ஆண்டுத் தொடக்கப் பாக்கியோடு எல்லாப் பற்றுகளையும் கூட்டி, எல்லா வரவுகளையும் கழியுங்கள்; ஆண்டுக் கடைசிப் பாக்கி வந்துவிடும். பிறகு பற்றுகளில் வட்டி அல்லாதவற்றைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பிரச்சினை அநேகமாக அந்த வட்டங்களுக்குள்தான் இருக்கும். என் சொந்த வீட்டுக் கடனிலேயே கட்டடக் காப்பீட்டுப் பிரீமியம் ஒரே ஆண்டில் இருமுறை பற்றெழுதப்பட்டிருந்தது. கடன் பிரிவில் இருந்த நானே அதை இரண்டு ஆண்டு கவனிக்காமல் விட்டேன். அந்தத் தொகைக்கு இரண்டு ஆண்டு வட்டியும் ஓடியிருந்தது. எழுதிக் கேட்டபின், தொகையைப் பழைய தேதியிட்டு வரவு வைத்து வட்டியையும் திருத்தினார்கள். வெறும் தொகையைத் திருப்பினால் போதாது, பற்றெழுதிய தேதியிலிருந்தே திருத்த வேண்டும் என்று கேளுங்கள்.

கடிதத்தில் வரியின் தேதி, தொகை, நீங்கள் போட்ட கணக்கு மூன்றும் இருக்கட்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். கடன் கொடுத்தது வீட்டுவசதி நிதி நிறுவனம் என்றால் முறையிட வேண்டிய இடம் தேசிய வீட்டுவசதி வங்கி. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது, நீங்கள் கிளைக்குக் கொடுத்த கடிதத்தின் முத்திரையிட்ட நகலைத்தான்.